மூன்று தொலைவில் ஒரு மருத்துவமனை

மேடை ஏறுகிறவர்கள் பலர் கையை என்ன செய்வதென்று தெரியாமல் தவிப்பார்கள். நான் தவித்ததில்லை. கல்லூரியில் எங்களைப் பழக்கிய முறையில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அசைவு இருந்தது. 'இன்று' என்றால் உள்ளங்கை கீழே இறங்க வேண்டும். 'நாளை' என்றால் விரல் அவையின் கடைசி வரிசையைக் காட்ட வேண்டும். எல்லாவற்றிலும் உயர்ந்த அசைவு 'அந்த' என்ற சொல்லுக்கு. வலக்கை தோளுக்கு மேல் எழுந்து, கூரையைத் தாண்டி எதையோ தொடப்போவதுபோல் ஒரு கணம் நிற்கும். "அந்த ஒப்பற்ற தலைவர்" என்று சொல்லும்போது அவர் பக்கத்து நாற்காலியில் சோடா குடித்துக்கொண்டிருந்தாலும் அவர் 'அந்த'த் தலைவர்தான். "இந்தத் தலைவர்" என்றால் அவரை மேடையிலிருந்து இறக்கிப் பெஞ்சில் உட்கார வைத்ததாக ஆகிவிடும். அல்லிநகரத்தில் நடந்த ஒரு பேச்சுப் போட்டியில் இந்த ஒரு கையசைவாலேயே கோப்பையை வென்றேன் என்று என்னோடு போட்டியிட்டவர்கள் சொல்லித் திரிந்தார்கள். அது பொறாமை. சொற்களும் நன்றாகவே இருந்தன.

எழுபதுகளின் பிற்பகுதி அது. தமிழில் பட்டம் பெற்று வீட்டுக்கு வந்திருந்தேன். ஓடைப்பட்டிக்கு அருகே எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். தோட்டத்துக்கும் மலைக்கும் நடுவில் ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரீகள் நடத்திய சிறு மருத்துவமனை ஒன்று இருந்தது. ஓட்டுக் கூரை, ஒரு நீண்ட வார்டு, ஒரு பிரசவ அறை, முற்றத்துக்கு அப்பால் சிஸ்டர்கள் தங்கும் வீடு. அங்கே புதிதாக வந்திருந்த டாக்டர் சிஸ்டருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். அப்பா என்னைப் பரிந்துரைத்தார். வீட்டில் நான் பேசுவதை வேறு யாராவது கொஞ்ச நேரம் கேட்கட்டும் என்று அவர் நினைத்திருக்கலாம்.

டாக்டர் சிஸ்டருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. எதையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளாதவர். அதனால் எங்களுக்குள் உடனே ஒத்துப்போனது. நான் ஒரு மணி நேரம் தமிழ் சொல்லிக்கொடுப்பேன். பதிலுக்கு அவர் அரை மணி நேரம் ஸ்பானிய மொழி சொல்லித்தர வேண்டும் என்பது நான் வைத்த நிபந்தனை. மேடையில் இன்னொரு மொழியும் கைவசம் இருக்கட்டும் என்பது என் கணக்கு.

நான் கற்பித்த தமிழ் எப்படிப்பட்டது என்பது வார்டில்தான் தெரிந்தது. பேறுகாலத்துக்கு வந்த ஒரு பெண்ணின் கட்டில் அருகே நின்று சிஸ்டர் கனிவாகக் கேட்டார்:

"தாயே, வலி எவ்விடத்தில் தோன்றுகின்றது?"

அந்தப் பெண் பதறி எழுந்து கைகூப்பினாள். பல ஆண்டுகளாக அங்கே வேலை பார்த்த நர்ஸம்மா என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏத்தா, நீ என்ன அவுகளுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்குறியா, புராணம் சொல்லிக் குடுக்குறியா? வலியெடுத்துக் கெடக்கவளும் எந்திரிச்சுக் கும்புடுறா!"

"செந்தமிழில் தொடங்கினால்தான் அடித்தளம் உறுதியாக இருக்கும், நர்ஸம்மா."

"உறுதியாத்தேன் இருக்கும். புள்ளைதேன் பொறக்காது. 'எங்கனம்மா வலிக்குது'ன்னு கேக்கச் சொல்லு. பொறகு அடித்தளம் போடு."

மறுநாள் முதல் சிஸ்டர் "எங்கன வலிக்குது" என்று கேட்டார். நான் அதை அனுமதித்தேன்.

சுட்டுச் சொற்களுக்கு நாங்கள் வந்து சேர்ந்தது எங்கள் தோட்டத்தில். அறுவடைக்கு முந்தைய நாட்கள். சிஸ்டரின் ஊரும் திராட்சை விளையும் ஊர். அங்கே கொடிகளைத் தரையிலிருந்து குத்துச்செடியாக வளர்ப்பார்களாம். தலைக்கு மேலே பந்தல் போட்டு, வானத்திலிருந்து பழம் தொங்குவதை இங்கேதான் முதலில் பார்த்ததாகச் சொன்னார். பந்தலுக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம்.

"இது, அது. இவ்வளவுதானா? மூன்றாவது எங்கே?" என்று கேட்டார்.

"மூன்றாவது எதற்கு?"

அவர் தலைக்கு மேலே தொங்கிய குலையைப் பிடித்துக்கொண்டு, "எஸ்தே ரதீமோ" என்றார். ரதீமோ என்றால் குலை. எஸ்தே என்றால் இந்த. பிறகு என் தோளருகே தொங்கிய குலையைக் காட்டி, "எஸே ரதீமோ" என்றார். கடைசியாகக் கிணற்று மேட்டுக்கு அப்பால், எங்கள் இருவருக்கும் தொலைவில் தொங்கியதைக் காட்டி, "அகெல் ரதீமோ" என்றார்.

எனக்குள் வெற்றிக்களிப்பு பொங்கியது. "எங்களிடமும் மூன்று இருந்தது!" என்றேன். பழைய இலக்கணத்தில் அ, இ, உ என்று மூன்று சுட்டு. இது, அது, இரண்டுக்கும் இடையில் உது. யாழ்ப்பாணத்தில் இன்றும் அந்தச் சொல் வழக்கில் இருக்கிறது என்று கையை உயர்த்தாத குறையாக எடுத்துரைத்தேன்.

"அப்படியானால் இங்கே எங்கே தொலைத்தீர்கள்?"

"தொலைக்கவில்லை. கடலுக்கு அந்தப்புறம் பத்திரமாக வைத்திருக்கிறோம்."

சிஸ்டர் சிரித்தார். சிரித்துவிட்டு விட்டுவிடுகிறவர் இல்லை. தன் பேனாவை எடுத்து என் மடியில் போட்டார். அவர் கைக்கு எட்டும் தொலைவுதான். "இப்போது இது எனக்கு என்ன?"

"கிட்டத்தில் இருக்கிறது. எஸ்தே."

"இல்லை. எஸே. உன் பக்கம் போய்விட்டது. நீ அதைச் சொன்னால் எஸ்தே. நான் சொன்னால் எஸே. நீ எழுந்து அங்கே போனால் அதுவும் உன்னோடு வரும்."

ஆக, எஸே என்பது வெறும் நடுத்தொலைவு அல்ல. கேட்கிறவர் நிற்கும் பக்கத்தையும் அது குறித்தது. ரொம்பத் தூரமும் இல்லாமல், ரொம்பப் பக்கமும் இல்லாமல் இருப்பதற்கும் அதையே சொல்லலாம் என்றார். இலக்கண நூலில் நான் படித்திருந்த 'உது' பாதி வழிக்கு மட்டும் துணை வந்தது. பெண்பாலுக்கு எஸ்தா, எஸா, அகெய்யா. பன்மைக்கு வேறு முடிவுகள். அவற்றை நான் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டேன்.

காலத்துக்கும் இதே மூன்றுதான். எஸ்தே ஆன்யோ என்றால் இந்த ஆண்டு. எஸே ஆன்யோ என்றால் இப்போது நாம் பேசிக்கொண்டிருந்தோமே, அந்த ஆண்டு. அகெல் ஆன்யோ என்றால் எங்கோ போய்விட்ட ஓர் ஆண்டு.

"எத்தனை வருடம் கழிந்தால் எஸே அகெல் ஆகும்?" என்று கேட்டேன். விதி இருந்தால் மனப்பாடம் செய்துவிடலாம்.

சிஸ்டர் யோசித்தார். "என் அப்பா இறந்து பல வருடம். அம்மா இன்னும் எஸே ஆன்யோ என்றுதான் எழுதுவாள். நான் அகெல் என்பேன். ஒரே வருடம்தான். எவ்வளவு தள்ளி வைக்கிறோம் என்பது பேசுகிறவர் கையில்."

எனக்கு அந்த விடை பிடிக்கவில்லை. விதி இல்லாத இலக்கணத்தை நான் நம்புவதில்லை.

வீரபாண்டித் திருவிழா முடிந்து கூட்டம் வடிந்திருந்த சமயம், சிஸ்டர்களின் சபைத் தலைவி ஸ்பெயினிலிருந்து வருகிறார் என்று செய்தி வந்தது. எல்லோரும் அவரை மதர் என்றார்கள். சபையில் சிஸ்டர்கள் குறைந்துவிட்டார்கள். இந்தியாவில் இரண்டு மருத்துவமனைகளை நடத்த ஆள் போதாது. ஒன்றை மூட வேண்டும். சமவெளியில் ஒரு நகரத்தில் இருப்பது பெரியது, மாடிக் கட்டடம். எங்களுடையது ஒழுகும் ஓட்டுக் கூரை. எதை மூடுவார்கள் என்று கேட்க வேண்டிய தேவையே இல்லாதிருந்தது. இருந்தும் மதர் நேரில் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்று சொல்லியிருந்தார்.

இந்த இடம் இல்லையென்றால் மலையடிவாரத்து ஊர்ப் பெண்கள் பிரசவத்துக்குத் தேனிக்குப் போக வேண்டும். பஸ் கிடைத்தால் பஸ், இல்லையென்றால் வண்டி. என் அக்கா இரண்டு மாதம் முன்புதான் இந்த மருத்துவமனையில் ஆண் குழந்தை பெற்றிருந்தாள். வலி வந்த அன்று மழை. தோட்டத்து வரப்பு வழியாக நடத்தியே கூட்டிப் போனோம். தேனிவரை போக நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

வரவேற்பு விழாவில் ஸ்பானிய மொழியில் நான் பேசுவது என்று முடிவாயிற்று. முடிவு செய்தவள் நான்தான். சிஸ்டர் பேச்சை முன்கூட்டியே எழுதிக் காட்டச் சொன்னார். மறுத்துவிட்டேன். தாளைப் பார்த்துப் படிப்பது எங்கள் கல்லூரியின் பழக்கமன்று. பேச்சைப் பிறர் காதில் முன்பே போடுவதும் வழக்கமில்லை. மேடையில் முதன்முறையாகப் பிறக்கிற சொல்லுக்குத்தான் உயிர் உண்டு என்பது எங்கள் கொள்கை. பந்தலுக்கடியில் திராட்சைக் கொடிகளுக்கு மட்டும் பேசிக் காட்டினேன். அவை ஆட்சேபிக்கவில்லை.

மதர் ஒரு வெள்ளை அம்பாசடரில் வந்து இறங்கினார். ஒல்லியான உருவம், கைத்தடி, எதையும் வியக்காத கண்கள். வார்டைப் பார்த்தார். பிரசவ அறையைப் பார்த்தார். அண்ணாந்து கூரையையும் பார்த்தார். மழைக்காலத்தில் ஓட்டைக்கு நேர்கீழே நர்ஸம்மா வைக்கும் வாளிகள் மூலையில் அடுக்கியிருந்தன. அவற்றையும் பார்த்தார். பிறகு முற்றத்துக்கு அப்பாலிருந்த சிஸ்டர்கள் வீட்டில் காப்பி குடிக்க உட்கார்ந்தார். மாலை விழாவுக்கான ஏற்பாடுகளைச் சொல்வதற்காக நானும் அங்கே நின்றிருந்தேன்.

மதர் கோப்பையை வைத்துவிட்டு டாக்டர் சிஸ்டரிடம் சொன்னார்: "எஸே ஓஸ்பித்தால் தூயோ..." மீதி வாக்கியம் செலவைப் பற்றியது. எனக்குப் பாதிதான் புரிந்தது. ஓஸ்பித்தால் என்றால் மருத்துவமனை. தூயோ என்றால் உன்னுடைய.

வெளியே வந்ததும் சிஸ்டரின் முகம் வாடியிருந்தது. தமிழில் சொன்னார்:

"கவனித்தாயா? எஸே என்றார். உன்னுடைய அந்த மருத்துவமனை என்றார்."

"முற்றத்துக்கு அப்பால்தானே இருக்கிறது? எஸே சரிதானே?"

"தூரத்தைப் பார்த்தால் சரி. அதே மேசையில் உட்கார்ந்து நான் எஸ்தே என்றுதான் சொல்கிறேன். அவர் அதை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டார். பேனாவை உன் மடியில் போட்டேனே, அப்படி. இன்னும் ஓர் அடி தள்ளினால் அகெல். பிறகு கதையில்தான் வரும்."

நர்ஸம்மா வாளியோடு வந்தவள் எங்களைப் பார்த்து நின்றாள். "மதரு என்ன சொன்னாக?"

"இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, நர்ஸம்மா."

"சொல்லாமத்தேன் மூஞ்சி இப்படி இருக்காக்கும் ரெண்டு பேருக்கும்."

மாலையில் முற்றத்தில் சாமியானா கட்டி, இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு மேடையாக்கியிருந்தார்கள். நல்ல கூட்டம். திராட்சைத் தோட்டத்து ஆட்கள், தேனிக் கடைவீதியிலிருந்து மருந்து கொண்டுவரும் வியாபாரி, பிள்ளை பெற்றவர்கள், பெறப்போகிறவர்கள். மதருக்கு நல்ல நாற்காலி வேண்டும் என்று தேடி, கடைசியில் புறநோயாளி வராந்தாவிலிருந்த பிரம்பு நாற்காலியைக் கொண்டுவந்து முன்னால் போட்டிருந்தார்கள். பக்கத்தில் டாக்டர் சிஸ்டர். கூட்டத்தின் கடைசியில், வாசல் தூணோரமாக அக்கா குழந்தையோடு நின்றிருந்தாள்.

நான் மேசைமேல் ஏறினேன். அவையை இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தேன். தொடங்கினேன்.

"அகெல் ஆன்யோ..." அந்த ஆண்டு. அந்த சிஸ்டர்கள் அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார்கள் என்றேன். முதன்முதலில் வந்தவர்களைப் பற்றியது அது. நெடுங்காலம் முன்பு. அதுவரை பிழையில்லை. மதரின் கண்ணில் ஒரு வெளிச்சம்கூட வந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்து என் வலக்கை தானாகத் தோளுக்கு மேல் எழுந்தது. "அகெல் ஓஸ்பித்தால்!" என்றேன். அந்த மருத்துவமனை! எத்தனை உயிர்களைக் காத்தது! கை இன்னும் உயர்ந்தது. "அகெய்யா தொக்தோரா!" அந்த மருத்துவர்! தூக்கம் மறந்தவர், பசி மறந்தவர்!

ஒரு சொல்லும் புரியாத கூட்டம் கையின் உயரத்தைப் பார்த்தே தலையாட்டியது. மதர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்து, மார்பில் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டார். பிறகு ஏதோ ஐயம் வந்தவர்போல் மெல்லத் திரும்பி, பக்கத்தில் உயிரோடு உட்கார்ந்திருந்த டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறாரா அழுகையையா என்று எனக்குத் தெரியவில்லை.

அவையின் முகத்தைப் படிப்பது என் பயிற்சியில் கையசைவுக்கு அடுத்த பாடம். இரங்கற் கூட்டத்து முகத்தை எனக்குத் தெரியும். மதரின் முகம் அதுவாக இருந்தது. தமிழில் உயர்த்துவதற்காகத் தூக்கிய கை, அவர் காதில் மருத்துவமனையை எங்கோ கொண்டுபோய் விட்டிருந்தது. அது இருந்தது, நல்லது செய்தது, போய்விட்டது. அவர் எடுக்கப்போகும் முடிவுக்கு நானே அஞ்சலி உரை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

பேச்சை நிறுத்தினேன். மேடையில் திடீரென்று நிற்பதற்கும் எங்களிடம் முறை உண்டு. கண்ணை மூடி, நெஞ்சில் கைவைத்தால் கூட்டம் அதைக் கைதட்டும் இடமென்று எடுத்துக்கொள்ளும். நர்ஸம்மா முதலில் தட்டினாள். எல்லோரும் தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்குள் நான் மேசையிலிருந்து இறங்கினேன். பேச்சின் நடுவில் மேடையைவிட்டு இறங்குவது அதுவரை என் வழக்கத்தில் இல்லை.

மதரின் எதிரே போய் நின்றேன். கையை உயர்த்தவில்லை.

"மாத்ரே, எஸா ஸில்யா," என்றேன். மதர், நீங்கள் உட்கார்ந்திருக்கும் அந்த நாற்காலி.

அவர் நாற்காலியின் கைகளிலிருந்து தன் கைகளை எடுத்துவிட்டு அதைக் குனிந்து பார்த்தார். அது நோயாளிகள் உட்காரும் நாற்காலி என்று சொன்னேன். ஒரு மழை நாளில், மாலையில், ஒரு பெண் அதில் உட்கார்ந்திருந்தாள். எஸா தார்தே, அந்த மாலை, சிஸ்டர் காய்ச்சலோடு படுத்திருந்தார். எஸா தார்தே கூரை நான்கு இடத்தில் ஒழுகியது. சிஸ்டர் எழுந்து வந்தார். நர்ஸம்மா வாளிகளை நகர்த்தி வைத்துக் கட்டிலுக்கு இடம் செய்தாள். இவ்வளவுதான் சொன்னேன். என் ஸ்பானிய மொழியில் அடைமொழிகள் தீர்ந்துபோயிருந்தன. அது நல்லதாயிற்று.

பிறகு வாசல் தூணைக் காட்டினேன். "அகெய்யா முஹேர்." அந்தப் பெண். இப்போது அந்தச் சொல் பொய்யில்லை. அவள் உண்மையாகவே தூரத்தில் நின்றாள்.

"அக்கா, இங்கன வா," என்று தமிழில் கூப்பிட்டேன்.

"எதுக்குடி?" என்றாள் அங்கிருந்தே.

"வான்னா வா."

கூட்டம் வழிவிட்டது. அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முணுமுணுத்தபடியே வந்தாள். "பேசுறேன்னு சொல்லிப்புட்டு ஆள இழுத்து நிறுத்துறா. தலைகூட வாரல..." பாதி வழியில் அவள் வந்துகொண்டிருக்கும்போது, "எஸா முஹேர்," என்றேன். அவள் என் பக்கத்தில் வந்து நின்றதும் அவள் தோளில் கைவைத்து, "எஸ்தா முஹேர் எஸ் மி எர்மானா," என்றேன். இந்தப் பெண் என் அக்கா.

மதரின் கண்கள் அக்காவோடு கூடவே தூணிலிருந்து நடந்து வந்திருந்தன.

அடுத்து என்ன சொல்வது என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா யாரையும் கேட்காமல் குழந்தையை மதரின் மடியில் வைத்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு நல்லது நடந்த இடத்துப் பெரியவர்கள் மடியில் பிள்ளையைக் கிடத்தி எடுப்பது வழக்கம். அவளுக்கு அது விழா இல்லை, விட்டுப்போயிருந்த ஒரு காரியம்.

கைத்தடி நழுவி விழுந்தது. மதர் குழந்தையின் தலைக்குக் கீழே கையைக் கொடுத்தார். இப்போது அவன் எனக்கு எஸே. என் பக்கத்திலிருந்து அவர் பக்கம் போய்விட்டான். அவர்தான் பேசினார்.

"எஸ்தே பேஸா," என்றார். இவன் கனக்கிறான்.

டாக்டர் சிஸ்டர் நிமிர்ந்தார். "என்ன சொன்னாக?" என்று அக்கா என் இடுப்பில் இடித்தாள்.

"பிள்ளை கனமா இருக்கானாம்."

"கண்ணு வைக்காம இருக்கச் சொல்லு," என்றாள் அக்கா. நல்லவேளையாக அதை மொழிபெயர்க்கும்படி மதர் கேட்கவில்லை.

பேச்சு அத்தோடு முடிந்தது. முடிவுரை என்று நான் தயாரித்து வைத்திருந்தது இன்றுவரை எந்த மேடையிலும் சொல்லப்படவில்லை.

மறுநாள் காலை முழுவதும் மதர் சிஸ்டரோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். நான் வராந்தாவில் காத்திருந்தேன். வெளியே வந்தபோது சிஸ்டரிடம் ஒரு முடிவும் இல்லை. "எல்லாவற்றையும் கேட்டார். யோசிக்கிறேன் என்றார். அந்தப் பெரிய மருத்துவமனையையும் பார்த்துவிட்டு எழுதுகிறாராம்," என்றார் சோர்வாக.

காருக்கு நடக்கும்போது மதர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். நீ நன்றாகப் பேசுகிறாய் என்றார். சற்று நின்று, முகத்தில் சிரிப்பு இல்லாமலேயே, அகெல் மட்டும் கொஞ்சம் அதிகம் என்றார். என் வாழ்க்கையில் கிடைத்த விமர்சனங்களில் நான் மறுத்துப் பேசாதது அது ஒன்றுதான்.

வாசலில் அம்பாசடரின் கதவைத் திறந்து பிடித்திருந்தார்கள். மருத்துவமனை எங்களுக்குப் பின்னால், முற்றத்தின் அந்தக் கோடியில் இருந்தது. சிஸ்டர்கள் வீட்டுக் காப்பி மேசையிலிருந்து இருந்ததைவிட இரண்டு பங்கு தொலைவு. அகெல் என்று சொல்லியிருக்கலாம். எஸே என்று சொல்லியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மதர் ஒரு காலைக் காருக்குள் வைத்துவிட்டு, திரும்பிக் கூரையைப் பார்த்தார்.

"எஸ்தே ஓஸ்பித்தால் நெதெஸீத்தா ஓத்ரோ தெஹாதோ," என்றார்.

கதவு சாத்தப்பட்டது. கார் தோட்டங்களுக்கு நடுவே புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. டாக்டர் சிஸ்டர் அசையாமல் நின்றார். கையை உயர்த்தி அசைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அவர் காதில் விழுந்ததுதான் என் காதிலும் விழுந்தது என்பதை உறுதி செய்துகொள்ள நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். விதி இல்லாத இலக்கணத்தை அன்று நான் நம்பினேன்.

வாளியைக் கீழே வைத்துவிட்டு நர்ஸம்மா ஓடி வந்தாள். "போறப்ப என்ன சொல்லிட்டுப் போனாக?"

"வேற கூரை போடணுமாம்," என்றேன்.

"எந்த ஆஸ்பத்திரிக்கு?"

"இந்த ஆஸ்பத்திரிக்கு."